"உங்களைப் பத்தி சொல்லுங்க"னு கேட்டா என்ன சொல்றது? பி.எஸ்சி. வேதியியல், முதல் இன்டர்வியூ

கூடலூர்_தூறல்

எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் பி.எஸ்சி. வேதியியல் முடிச்சேன். வர்ற வியாழக்கிழமை கோயம்புத்தூர்ல ஒரு உணவுப் பொருள் கம்பெனியோட தரக்கட்டுப்பாட்டு டிரெய்னி வேலைக்கு இன்டர்வியூ. முதல் சுற்று வீடியோவுல, இங்கிலீஷ்லதான் இருக்கும்னு சொல்லிட்டாங்க. முதல் கேள்விக்கு நான் எழுதி வச்சிருக்கிறதோட தமிழ் இது:

"என் பெயர் இன்னது. சொந்த ஊர் கூடலூர் பக்கம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு தம்பி, பிளஸ் ஒன் படிக்கிறான். பத்தாவதில் 421, பிளஸ் டூவில் 468, பி.எஸ்சி.யில் 74 சதவீதம். பாட்டு கேட்பதும் புத்தகம் படிப்பதும் பிடிக்கும். நான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், குழுவோடு ஒத்துப்போவேன்."

40 நொடியில முடிஞ்சிடுது. பெரியம்மா பையன் கேட்டுட்டு, "கல்யாணத் தரகர்கிட்ட கொடுக்கிற மாதிரி இருக்கு"ங்கிறான். மூணாவது வருஷம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில 15 நாள் புராஜெக்ட் பண்ணேன். பெருசா ஒண்ணும் இல்லை, ஈரப்பதம் அளந்தோம். அதைச் சொல்லலாமா?

டிகாஷன்

தங்கச்சி, இதுக்கு ஸ்டார்னு ஒரு முறை இருக்கு. சூழல், உன் பொறுப்பு, நீ செஞ்சது, அதோட விளைவு. இந்த நாலையும் வரிசையா 2 நிமிஷம் சொன்னா போதும். குடும்பத்தை முதல்ல சொல்றது நல்ல பழக்கம்தான், எடுக்காதே. மார்க்கையும் சொல்லிடு, 74 நல்ல மார்க்.

மலைரயில்

டிகாஷன் சொன்ன முறை நல்ல முறைதான், ஆனா அது வேற கேள்விக்கு உரியது. "ஒரு சிக்கல் வந்தப்போ எப்படிச் சமாளிச்சீங்க?"னு கேட்டா நாலு பாகத்தையும் விரிச்சுச் சொல்லலாம். இந்த முதல் கேள்வியில முழுசா விரிச்சா, எதிர்ல இருக்கிறவருக்கு நீங்க யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு புராஜெக்ட் அறிக்கை காதுல விழும்.

அந்த நேரத்துல எதிர்ல இருக்கிறவர் என்ன பண்றார்னு யோசிச்சுப் பாருங்க. உங்க ரெசியூமே அவர் கையில இருக்கு. பல நேரம் அப்போதான் முதல் தடவையா அதைப் புரட்டுறார். அடுத்து எதைக் கேட்கலாம்னு ஒரு பிடி தேடுறார். 421-ம் 468-ம் அந்தத் தாள்லயே இருக்கு, வாயால திரும்பக் கேட்டு அவருக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்லை. "கடின உழைப்பாளி"ங்கிற சொல்லைப் பிடிச்சு மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது. உங்க பதில் முழுக்கப் பிடியே இல்லாததால, அவர் பாட்டுக்கு சிலபஸ்ல எங்கேயோ ஒரு மூலையில இருந்து கேட்க ஆரம்பிப்பார்.

பதிலை மூணு துண்டாப் பிரிச்சுக்குங்க. இப்போ நான் என்ன, ஏற்கெனவே என் கையால செஞ்ச ஒரே ஒரு வேலை, இந்த சீட்டுக்கு ஏன் வந்தேன். முதலும் கடைசியும் ஆளுக்கு 15 நொடி, நடுவுல இருக்கிறதுக்கு 45 நொடி. மொத்தம் முக்கால் நிமிஷத்துக்கு மேல, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள. நீங்க "பெருசா ஒண்ணும் இல்லை"னு தள்ளி வச்சீங்களே, அந்த ஈரப்பதம்தான் நடுத்துண்டு. அதைப் பத்தி கொஞ்சம் எழுதுங்க: எந்தக் கருவி, எத்தனை சாம்பிள், உங்க கையால செஞ்சது எது, எங்கேயாவது கணக்கு உதைச்சுதா?

குன்னூர்_பிகாம்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்கு 2 அரியர் இருந்து க்ளியர் பண்ணேன், ஒரு வருஷம் இடைவெளி. இந்தக் கேள்வியிலேயே அதைச் சொல்லி மன்னிப்பு கேட்டுடலாமா? பேங்க் வேலைக்குப் போறேன். புராஜெக்ட் எதுவும் கிடையாது.

கூடலூர்_தூறல்

மலைரயில் சார், விவரம் இதோ. சின்ன விவசாயிகள்கிட்ட பச்சை இலை வாங்கி, நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டி சி.டி.சி. தூள் பண்ற ஃபேக்டரி. டிரையர்ல இருந்து வெளியே வர்ற தூள்ல ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்கணும்னு பார்ப்பாங்க. டிரையர் வாயிலேயே ஒரு மீட்டர் இருக்கு. அதே சாம்பிளை நாங்க லேப்ல 5 கிராம் எடை போட்டு, 103 டிகிரி ஓவன்ல வச்சு, ஈரக்காத்து புகாத டெசிகேட்டர்ல ஆறவிட்டு மறுபடி எடை பார்க்கணும். மொத்தம் 30 சாம்பிள்.

முதல் 12-லயும் ஓவன் கணக்கு மீட்டரைவிட 0.6 சதவீதம் கிட்ட அதிகமாவே வந்துச்சு. மீட்டர்தான் கோளாறுனு எழுதப் போனோம். அப்புறம்தான் கவனிச்சேன், நாங்க தூளைப் பேப்பர் கவர்ல எடுத்துட்டு வந்து மேஜையில வச்சிடுறோம், தராசு காலியாக அரை மணி நேரம் ஆகுது. ஜூலை மாசம், கூடலூர் மழை தெரியுமே, லேப் சுவரே வேர்த்துக்கிட்டு இருந்துச்சு. மீதி 18 சாம்பிளை இறுக்கமா மூடுற டப்பாவுல எடுத்தோம். வித்தியாசம் 0.1-க்கு வந்துடுச்சு. அவ்வளவுதான் சார்.

லேப்_அக்கா

அவ்வளவுதானா! தூறல், தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கிறவங்க காதுல விழ வேண்டியதே இதுதான்ம்மா. ரீடிங் ரெண்டும் ஒத்துப்போகலைன்னா புதுசா வர்ற பிள்ளைங்க பாதிப்பேர் கருவி மேல பழி போடுவாங்க, மீதிப்பேர் ரீடிங்கைத் திருத்தி எழுதுவாங்க. நீ சாம்பிள் வந்த வழியைப் போய்ப் பார்த்திருக்கே.

ஆனா இதைச் சொன்னா அடுத்த கேள்வி எங்கிருந்து வரும்னும் தெரிஞ்சு வச்சுக்கணும். "ஏன் 103? சீக்கிரம் முடியட்டும்னு 150 வச்சா என்ன?" கட்டாயம் வரும். சூடு ஏறினா தண்ணியோட சேர்ந்து மத்த ஆவியாகுற பொருளும் போகும், தூளே கருக ஆரம்பிக்கும். எடை குறையும், அதையும் ஈரம்னு தப்பாக் கணக்குப் பண்ணிடுவோம். தேயிலைக்கான ஐ.எஸ்.ஓ. 1573 முறை 103 டிகிரினு சொல்றது, எல்லாரும் ஒரே மாதிரி அளக்கிறதுக்காகவும்தான். அடுத்தது, "டெசிகேட்டர் எதுக்கு?" நீ கண்டுபிடிச்ச விஷயமேதான் அதுக்கும் பதில், காஞ்ச பொருள் ஆறும்போது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். ரெண்டுக்கும் ரெண்டு வரி தயாரா வை.

இன்னொண்ணு. "நாங்க", "நான்" ரெண்டும் கலந்து வருது. டப்பா யோசனை யாருது?

கூடலூர்_தூறல்

யோசனை என்னுது அக்கா. எடை போட்டது நானும் இன்னொரு பொண்ணும். ஃபேக்டரியில அதுக்கப்புறம் டப்பா பழக்கம் வந்துச்சானு தெரியாது, நாங்க வந்துட்டோம்.

லேப்_அக்கா

அப்போ அப்படியே சொல்லு. கவனிச்சது நான், அளந்தது நாங்க ரெண்டு பேர். "என்னால ஃபேக்டரியே மாறிடுச்சு"னு ஒரு வார்த்தை சேர்த்தா, "இப்பவும் டப்பாவுலதான் எடுக்கிறாங்களா?"ங்கிற ஒரே கேள்வியில மாட்டிப்பே.

மலைரயில்

பேசற தமிழ்லயே ஒரு வடிவம் போட்டிருக்கேன். இங்கிலீஷ்ல இதே வரிசையில சின்னச் சின்ன வாக்கியமா மாத்திக்குங்க.

"நான் இந்த வருஷம் வேதியியல் பி.எஸ்சி. முடிச்சேன். மூணு வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போனது எடை போடுறது, அளக்கிறதுனு லேப் வேலைதான்.

கடைசி வருஷம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில 15 நாள் புராஜெக்ட் பண்ணேன். தூளோட ஈரத்தை அங்கே மீட்டர்ல பார்ப்பாங்க, அதை நாங்க லேப்ல ஓவன் வச்சுச் சரிபார்க்கணும். முதல் 12 சாம்பிள்ல எங்க கணக்கு 0.6 சதவீதம் அதிகமா வந்துச்சு. மீட்டர் தப்புனு நினைச்சோம். அப்புறம் சாம்பிள் பேப்பர் கவர்ல அரை மணி நேரம் காத்திருக்கிறதை நான் கவனிச்சேன். வெளியே மழை, தூள் ஈரத்தை இழுத்துக்குது. மீதி 18 சாம்பிளை மூடின டப்பாவுல எடுத்தோம். வித்தியாசம் 0.1-க்கு இறங்கிச்சு.

உங்க விளம்பரத்துல, டிரெய்னி முதல்ல உள்ளே வர்ற சரக்குல சாம்பிள் எடுக்கணும்னு இருந்துச்சு. நான் இந்த வேலைக்கு விண்ணப்பிச்சதுக்குக் காரணம் அதுதான்."

கடைசித் துண்டை நான் ஊகத்துல எழுதினேன். விளம்பரத்துல உண்மையிலேயே என்ன போட்டிருக்காங்களோ, அதுல இருந்து ஒரு வேலையை எடுத்து அங்கே வையுங்க. "உங்க பெரிய நிறுவனத்துல சேர்ந்து வளரணும்"னு முடிச்சா அது எந்தக் கம்பெனி வாசல்லயும் சொல்லக்கூடிய வரி, சொல்லாம விட்டாலும் ஒண்ணுதான். பேரைச் சொல்லி ஆரம்பிக்கவும் வேண்டாம். பேரைப் பார்த்துத்தான் உள்ளே கூப்பிட்டிருக்காங்க.

எண்கள் அஞ்சு இருக்கு: 15, 12, 0.6, 18, 0.1. இதுக்கு மேல ஒண்ணு கூடச் சேர்க்காதீங்க. 103, 5 கிராம், 3 சதவீதம் மூணையும் வேணும்னே விட்டிருக்கேன். அவர் கேட்கும்போது சொன்னா கை வேலை தெரிஞ்ச பொண்ணுனு படும். முதல்லயே கொட்டினா ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்.

டிகாஷன்

சார், கதை அருமை, ஒத்துக்கிறேன். ஆனா அப்பா அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே. நம்ம ஊர்ல பேனல்ல உட்காருற பெரியவங்க அதை எதிர்பார்ப்பாங்க.

மலைரயில்

கேட்டா மறைக்காம, பெருமையாச் சொல்லட்டும். நாமளே முதல் நிமிஷத்துல எடுத்து வச்சா, அது வேலைக்கான பேச்சுல இருந்து இரக்கத்துப் பக்கம் திரும்பிடும்.

லேப்_அக்கா

இதுல நான் மலைரயில் கட்சி இல்லை. மத்த பிள்ளைங்களுக்கு வேண்டாம், சரி. இவளுக்கு அது கதைக்குள்ளேயே உட்காருது. "தேயிலை பறிக்கிற வீட்ல வளர்ந்தவ, தூளாகிற இடத்தைக் கடைசி வருஷம்தான் பார்த்தேன்"னு நடுத்துண்டுக்கு முன்னாடி ஒரே வரி. அதுல இரக்கம் கேட்கிற தொனி எங்கே இருக்கு? அவளுக்கும் அந்த சாம்பிளுக்கும் உள்ள தொடர்பு அது.

மலைரயில்

வரி நல்லா இருக்கு. ஆனா அந்த வரியைச் சொன்னதும் பேனல் "எந்த எஸ்டேட்? எத்தனை வருஷமா?"னு அந்தப் பக்கமே போயிட்டா, 0.6-க்கு வந்து சேர நேரம் இருக்காது. தூறலே முடிவு பண்ணட்டும்.

வெலிங்டன்_மிஸ்

இங்கிலீஷ் பக்கம் மட்டும் நான் சொல்றேன். "மைசெல்ஃப் இன்னார்"னு ஆரம்பிக்காதீங்க, அது இங்கிலீஷே இல்லை. "ஐ ஆம் கம்மிங் ஃப்ரம் கூடலூர்"னா இப்போதான் பஸ் ஏறி வந்துக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். "ஐ ஆம் ஃப்ரம் கூடலூர்" போதும். புராஜெக்ட் முடிஞ்சுபோன விஷயம், அதனால "வீ மெஷர்டு", "ஐ நோட்டீஸ்டு", "தி டிஃபரன்ஸ் கேம் டவுன்"னு எல்லாமே இறந்த காலத்துல நிக்கணும். பதட்டத்துல பாதியில "ஐ ஆம் நோட்டீஸிங்"னு தாவுறது ரொம்ப சகஜம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல்னு வச்சுக்கிட்டா தாவாது.

முழுசா மனப்பாடம் பண்ணாதீங்க. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் அட்சரம் பிசகாம இருக்கட்டும். நடுவுக்கு நாலு சொல் போதும்: மீட்டர், பன்னிரண்டு, பேப்பர் கவர், டப்பா. அந்த நாலையும் தாண்டிப் போற வழி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறினா நல்லதுதான்.

மனப்பாடம் ஆயிடுச்சானு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. தம்பியை எதிர்ல உட்கார வச்சு, "பேப்பர் கவர்" வர்ற இடத்துல "எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"னு குறுக்கே கேட்கச் சொல்லுங்க. பதில் சொல்லிட்டு விட்ட இடத்துல இருந்து தொடர முடிஞ்சா சரி. முதல் வரிக்கே திரும்ப ஓடினீங்கன்னா அது நெட்டுரு. இன்டர்வியூல குறுக்கே கேட்டாங்கன்னா மொத்தமும் சரிஞ்சிடும்.

மலைரயில்

குன்னூர் தம்பி, உங்களை விட்டுட்டோம். மன்னிப்பு கேட்கிற இடம் இது இல்லை. நீங்களே அரியரை எடுத்து மேஜையில வச்சா அடுத்த 10 நிமிஷமும் அதுலயே போகும். அதுக்காக மறைக்கவும் கூடாது. விண்ணப்பப் படிவத்துல கேட்டிருந்தா உள்ளதை உள்ளபடி எழுதணும், இன்டர்வியூல கேட்டா எந்த பேப்பர், எப்போ முடிச்சீங்கனு ஒரே வரியில சொல்லணும். இடைவெளி வேற விஷயம். ரெசியூமேல தேதியைப் பார்த்தாலே தெரியும், அதனால அந்த வருஷம் என்ன பண்ணீங்கங்கிறது பதிலுக்குள்ளேயே வரணும். என்ன பண்ணீங்க?

குன்னூர்_பிகாம்

ஒண்ணும் இல்லைங்க. கேத்தி பக்கம் மாமாவோட கேரட் கழுவுற இடத்துல சும்மா சீட்டு எழுதிக்கிட்டு இருந்தேன். எந்த லாரியில எத்தனை மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போச்சு, திரும்ப எவ்வளவு பணம் வந்துச்சுனு.

மலைரயில்

இதுக்கா "சும்மா"ன்னீங்க? பேங்க்ல கேட்கப்போறதே போன சரக்கும் வந்த பணமும் ஒத்துப்போச்சானுதானே. ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு, எந்தெந்த இடத்துல மூட்டைக் கணக்கும் மண்டி பில்லும் உதைச்சுது, அதை எப்படித் தேடினீங்க, ஒரே ஒரு தடவை நடந்ததை எடுங்க. தனி இழை போடுங்க, அங்கே பேசலாம். இங்கே ரெண்டும் கலந்துடும்.

டிகாஷன்

வீடியோ இன்டர்வியூக்கு ஒண்ணு சொல்றேன், இதுல தப்பு கண்டுபிடிக்க மாட்டீங்க. நம்ம பக்கம் மழை பிடிச்சா கரண்டும் சிக்னலும் எப்போ போகும்னு சொல்ல முடியாது. முதல் நாள் அதே நேரத்துக்கு, அதே இடத்துல உட்கார்ந்து யாருக்காவது வீடியோ கால் போட்டுப் பார்த்துடு தங்கச்சி. தகரக் கூரை வீடா இருந்தா ஹெட்செட் இல்லாம உட்காராதே, மழைச் சத்தத்துல உன் குரலே கேட்காது.

வெலிங்டன்_மிஸ்

இதுல தப்பே இல்லை. கூடவே, வீடியோவுல குரல் கொஞ்சம் தாமதமாத்தான் போய்ச் சேரும். பதிலை முடிச்சதும் அங்கே ஒரு நொடி, ரெண்டு நொடி அமைதியா இருக்கும். சரியாச் சொல்லலையோனு பயந்து அந்த இடைவெளியில "பாட்டு கேட்கப் பிடிக்கும்"னு பழைய வரியை இழுக்கிறவங்க நிறையப் பேர். வாயை மூடிக்கிட்டு காத்திருங்க.

கூடலூர்_தூறல்

ஃபோன்ல ரெக்கார்டு பண்ணிப் பார்த்தேன். முதல் தடவை 1 நிமிஷம் 50 நொடி. எங்கே இழுக்குதுனு கேட்டா, டிரையர் எப்படி வேலை செய்யுதுனு விளக்குற இடம்தான். உணவுக் கம்பெனிக்காரங்களுக்கு சி.டி.சி. தெரியுமோ தெரியாதோனு சேர்த்துட்டேன்.

மலைரயில்

வெட்டிடுங்க. தூள், ஈரம், மீட்டர் மூணும் புரிஞ்சா போதும். டிரையர் வேணும்னா அவங்களே கேட்பாங்க. கேட்டாங்கன்னா சந்தோஷம், உங்க களத்துக்கே வந்துட்டாங்கனு அர்த்தம்.

கூடலூர்_தூறல்

வெட்டிட்டேன், 1 நிமிஷம் 18 நொடி. தேயிலை பறிக்கிற வீடுங்கிற வரியை வச்சிருக்கேன் சார், கோவிச்சுக்காதீங்க. வீடியோ சுற்றுல சொல்லிப் பார்க்கிறேன், பேச்சு அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா நேர்ல போகும்போது எடுத்துடுறேன்.

மலைரயில்

கோவமெல்லாம் இல்லைம்மா. என்ன ஆச்சுனு வந்து எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

லேப்_அக்கா

நானும் பேனல்ல உட்கார்ந்த மாதிரி ஒண்ணு கேட்கட்டுமா? டிரையர்ல இருந்து வர்ற தூள் சூடா இருக்கும். அதை அப்படியே டப்பாவுல போட்டு மூடினா ஆவி மூடியில போய் நீராப் படியாதா? அப்போ உன் 0.1 சரியா, இல்லை இந்தப் பக்கம் குறையா வந்துச்சா?

கூடலூர்_தூறல்

அக்கா... மூடி உள்பக்கம் லேசா மூடுபனி மாதிரி இருந்தது ஞாபகம் இருக்கு. குலுக்கிட்டுத்தான் எடுத்தோம், ஆனா அதுக்காகக் குலுக்கலை, சும்மா கலக்கட்டும்னு குலுக்கினோம். நோட்டை எடுத்து அந்த 18-ம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குனு பார்த்துட்டு வர்றேன்.